டிராக்கை விட்டுக் குதிக்கும் ஸ்லைடிங் ஜன்னல்

கேள்வி: திருவான்மியூரில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஹாலில் அஞ்சடிக்கு நாலடி அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். ரெண்டு கண்ணாடி, ஒரு கொசுவலை. கிரில் வெளிப்பக்கம். போட்டு ஒன்பது வருஷம் ஆச்சு. உள்பக்கக் கண்ணாடியைத் தள்ளினா கர்ருன்னு அரைக்குது, பாதி வழியில டிராக்கை விட்டுக் குதிக்குது. மெஷின் ஆயில் விட்டேன், கொஞ்ச நாள் நல்லா ஓடுச்சு, இப்ப முன்னைவிட மோசம். பார்க்க வந்தவர் மொத்த ஜன்னலையும் மாத்தணும்னு சொல்றார். நாமே சரி பண்ண முடியுமா?

பதில்:

முடியும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மாற்ற வேண்டியது ஜன்னல் இல்லை, ஷட்டருக்கு, அதாவது கண்ணாடியோடு சேர்ந்து நகரும் சட்டத்துக்கு, அடியில் இருக்கும் இரண்டு சக்கரங்கள்தான். கடையில் 'பேரிங்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் வாங்கப் போவதற்கு முன்னால் டிராக்கைச் சுத்தம் செய்துவிட்டு, எந்தப் பக்கச் சக்கரம் போயிருக்கிறது, ஏன் போயிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் புதுப் பேரிங் போட்டால் அதுவும் சீக்கிரமே இதே கதிக்கு வரும்.

அரைப்பதும் குதிப்பதும் இரண்டு தனித்தனிக் கோளாறாகத் தெரியும். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: ஷட்டர் கீழே இறங்கியிருக்கிறது. கீழ் ஃபிரேமில் நீளமாக நிமிர்ந்து நிற்கும் மெல்லிய விளிம்புதான் ரெயில். அதன்மேல் சக்கரம் உட்கார்ந்து ஓடுகிறது. சக்கரத்தின் நடுவில் ஒரு பள்ளம், இருபுறமும் உதடு மாதிரி கொஞ்சம் உயர்ந்த ஓரம். ரெயில் அந்தப் பள்ளத்துக்குள் இருக்கும். ஓரங்கள் ஷட்டரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல் பிடித்துக்கொள்ளும். ஷட்டரின் தலைப்பக்கம் மேல் டிராக்குக்குள் சில மில்லிமீட்டர் நுழைந்திருக்கும், ஆனால் அங்கே தொங்கவில்லை. எடை முழுக்கக் கீழே இருக்கும் இரண்டு சக்கரங்கள் மேல்தான்.

உங்கள் ஷட்டர் தோராயமாக இரண்டரை அடிக்கு நாலடி. கண்ணாடி எடையை மனக்கணக்காகப் போட ஒரு வழி உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. அப்படியானால் 5 மி.மீ. கண்ணாடி மட்டும் பதினொன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அலுமினியத்தையும் சேர்த்தால் பதினாலு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்துக்கு ஏழு கிலோ. நல்ல நிலையில் உள்ள நைலான் சக்கரத்துக்கு இது ஒரு பாரமே இல்லை. ஆனால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டால் அதே ஏழு கிலோ அதை ரெயில்மேல் அழுத்தித் தேய்க்கிறது. தரையோடு இழுத்துக்கொண்டு போன செருப்பு மாதிரி ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்துபோகும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேய்ந்தாலே போதும், ஷட்டரின் அடிப்பாகம் ரெயிலில் உட்கார்ந்துவிடும். அலுமினியமும் அலுமினியமும் உரசுவதுதான் நீங்கள் கேட்கிற அந்தக் 'கர்'. அதே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலேயும் குறைந்துவிடுகிறது: டிராக்குக்குள் இருந்த தலை கொஞ்சம் வெளியே இறங்கிவிட்டது, மேலே காலி இடம் அதிகமாகிவிட்டது. இனி வழியில் ஒரு மணல் உருண்டை வந்தால் போதும். தேய்ந்த சக்கரத்தின் உதடு ரெயிலைப் பிடிக்காது, ஷட்டர் மேலே எம்பும், அடுத்த தள்ளலில் ரெயிலுக்கு வெளியே இறங்கும்.

கடலோரத்தில் இது சீக்கிரம் நடக்கும். மலிவான பேரிங்கில் சக்கரம் நைலான், அது சுற்றும் ஊசி சாதாரண இரும்பு. உப்புக் காற்றில் ஊசி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள் என்பதால், நைலானின் துளைக்குள் ஊசி உப்பி இறுகிவிடும். சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் சுற்றாமல் நிற்பது இப்படித்தான். வீட்டுக்குள்ளிருந்து போகும் தலைமுடியும் நூலும் இதே வேலையைச் செய்யும். கழற்றிப் பார்த்தால் ஊசியைச் சுற்றி முடி கயிறு திரித்தது போல் இறுகியிருக்கும்.

நீங்கள் விட்ட மெஷின் ஆயில் ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இதில் புரிந்துவிடும். எண்ணெய் விட்ட கொஞ்ச நாளைக்கு உரசல் குறைந்தது. அப்புறம் தெருத் தூசும் சிமெண்ட் தூசும் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, ரெயில் முழுக்க உப்புத்தாள் பூசியது போன்ற ஒரு கறுப்புப் பசை ஆகிவிட்டது. தேங்காய் எண்ணெய், கிரீஸ் எதுவாக இருந்தாலும் கதை இதுதான். முதல் வேலையே அந்தப் பசையை எடுப்பதுதான்.

ஷட்டரைக் கழற்றுவதற்கு முன்பே, கண்ணாலும் காதாலும் கண்டுபிடிக்கக்கூடியவை சில இருக்கின்றன. ஷட்டரை மெதுவாக மூடிக்கொண்டே போய், பக்கவாட்டு ஃபிரேமைத் தொடும் நேரத்தில் நிறுத்துங்கள். ஷட்டரின் ஓரத்துக்கும் ஃபிரேமுக்கும் இடையில் உள்ள சந்து மேலேயும் கீழேயும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மேல் மூலை முதலில் தொட்டு, கீழே சந்து விட்டிருந்தால், பூட்டு இருக்கும் பக்கச் சக்கரம் இறங்கியிருக்கிறது. ஷட்டர் முன்னால் தலை சாய்ந்து நிற்கிறது. கீழ் மூலை முதலில் தொட்டு, மேலே சந்து இருந்தால் மறுபக்கச் சக்கரம், அதாவது இரண்டு ஷட்டர்களும் சேரும் நடுப்பக்கத்துச் சக்கரம் இறங்கியிருக்கிறது. சந்து சமமாக இருந்தும் அரைத்தால் இரண்டுமே தேய்ந்திருக்கலாம், அல்லது ரெயிலில் கோளாறு இருக்கலாம். பூட்டு கொக்கியில் சரியாக மாட்டாமல் ஷட்டரைத் தூக்கிப் பிடித்துப் பூட்ட வேண்டியிருக்கிறது என்றால், அதுவும் இந்தச் சாய்வின் அடையாளம்தான்.

அடுத்தது காது. தள்ளும்போது ஒரே சீராகக் கரகரவென்று கேட்டால் சக்கரம் சுற்றவே இல்லை, அல்லது அடிப்பாகம் உரசுகிறது. ரெயிலை விரலால் தொட்டுப் பாருங்கள். வெள்ளிச் சாயலில் ஒரு கறுப்புப் பொடி விரலில் ஒட்டினால் அது அலுமினியப் பொடி, உலோகம் உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. சீரான இடைவெளியில் 'டக் டக்' என்று கேட்டால் சக்கரம் சுற்றுகிறது, ஆனால் ஓரிடத்தில் தட்டையாகியிருக்கிறது. 20 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். ஆகவே ஏறக்குறைய இரண்டரை அங்குலத்துக்கு ஒருமுறை அந்தச் சத்தம் வந்தால் குற்றவாளி சக்கரமே. சத்தமும் குதிப்பும் எப்போதும் ஜன்னலின் அதே இடத்தில்தான் வருகிறது என்றால் குற்றம் ரெயிலில்: அங்கே நெளிவோ சிமெண்ட் கட்டியோ இருக்கும். நீங்கள் 'பாதி வழியில்' என்று சொல்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அதே பாதிதானா என்று ஒரு பென்சில் குறி போட்டுப் பாருங்கள். அப்படி இருந்தால் சக்கரத்தோடு அந்த இடத்து ரெயிலையும் சரிசெய்தாக வேண்டும்.

இப்போது கழற்றுவது. கிரில் வெளியே இருப்பதால் ஷட்டரை வீட்டுக்குள் எடுக்கலாம். ஒருவேளை கை நழுவினாலும் தெருவில் விழாது. கிரில் உள்பக்கம் இருக்கும் வீடுகளில் ஷட்டர் வெளிப்பக்கமாகத்தான் வரும். மாடி வீட்டில் அதைத் தனியாக முயலவே கூடாது. ஒன்று கிரில்லைக் கழற்ற வேண்டும், இல்லை சாரம் கட்டி வேலை பார்ப்பவரைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு பேர் வேண்டும், கையுறை வேண்டும், தரையில் ஒரு பழைய போர்வை வேண்டும். வீட்டுக்குள் இருந்து பார்க்க எது முதலில் இருக்கிறதோ அதுதான் முதலில் வரும். உங்களுக்குக் கொசுவலை உள்பக்கம் இருந்தால் அதை எடுத்த பிறகுதான் கண்ணாடி. ஷட்டரை மூடிய நிலையில் கழற்ற முயல வேண்டாம். மூடியிருக்கும்போது ஒரு ஓரம் பக்கவாட்டு ஃபிரேமின் பள்ளத்துக்குள் இருக்கும், மறு ஓரம் அடுத்த ஷட்டரோடு கொக்கி மாட்டியிருக்கும். இரண்டிலிருந்தும் விடுபட்டு நிற்கும்படி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நேராக மேலே தூக்குங்கள். தலை மேல் டிராக்குக்குள் முழுக்க ஏறியதும் சக்கரம் ரெயிலை விட்டு மேலே வரும். அப்படியே அடிப்பாகத்தை மட்டும் உங்கள் பக்கம் இழுத்து, பிறகு கீழே இறக்கினால் தலையும் வெளியே வந்துவிடும்.

தூக்கினால் எழவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். மேல் டிராக்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷட்டரை யாரும் வெளியிலிருந்து தூக்கி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு நைலான் கட்டையோ ஸ்க்ரூவோ வைத்திருப்பார்கள். அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், கடைசியில் திரும்பப் போட வேண்டும். உங்கள் ஷட்டர் குதிக்கிறது என்பதால் அந்தக் கட்டை விழுந்துவிட்டதா, அல்லது ஆரம்பத்திலேயே போடவில்லையா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். சில ஷட்டர்களில் ஓரச் சட்டத்தின் அடியில், பக்கவாட்டில், சிறு துளைக்குள் ஒரு ஸ்க்ரூ தெரியும். அது உயரம் கூட்டிக் குறைக்கும் பேரிங். அந்த ஸ்க்ரூவைத் திருப்பிச் சக்கரத்தை ஷட்டருக்குள் ஏற்றிவிட்டால் ஷட்டரைத் தூக்க இடம் கிடைக்கும்.

எடுத்த ஷட்டரை ஒரு மூலையில் ஊன்றி நிறுத்த வேண்டாம். டஃபண்ட் கண்ணாடி நடுவில் அடித்தால் தாங்கும், ஓரத்தில் ஒரு கல் குத்தினால் மொத்தமும் உதிர்ந்துவிடும். போர்வைமேல் அடிப்பாகம் முழுக்கப் படும்படி வைத்துச் சுவரில் சாய்த்துவிடுங்கள்.

காலி டிராக்கைப் பார்த்ததும் ஒரு குவளை தண்ணீரை ஊற்றத்தான் எல்லோருக்கும் கை போகும். வேண்டாம். உலர்ந்த மணலும் தூசும் தண்ணீர் பட்டால் சேறாகி, மூலைகளிலும் வடிகால் துளைகளிலும் போய் அடைத்துக்கொள்ளும். முதலில் காய்ந்ததை எடுங்கள். பெயிண்ட் அடிக்கும் ஒரு அங்குலப் பிரஷால் கூட்டி ஒரு பக்கமாகக் குவித்து, வேக்குவம் கிளீனர் இருந்தால் குறுகிய முனையைப் போட்டு இழுங்கள். இல்லையென்றால் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். ரெயிலின் இருபுறமும் இறுகியிருக்கும் பசையை ஐஸ்கிரீம் குச்சியில் துணி சுற்றிச் சுரண்டலாம். நீங்கள் விட்ட எண்ணெய்க்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை வெந்நீரில் கலந்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீர்த் துணியால் இரண்டு முறை துடைத்தால் போய்விடும். சிமெண்ட், பட்டி, பெயிண்ட் கட்டிகள் இருந்தால் மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலோ தட்டி எடுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட் கட்டியைக் கரைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அது அலுமினியத்தையும் சேர்த்துக் கரைக்கும். மேலே இருக்கும் பாதுகாப்புப் பூச்சு போய்விட்டால் கடல் காற்றில் வெள்ளைப் பொடி பூக்க ஆரம்பிக்கும். ஸ்டீல் உல் நாரும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

வடிகால் துளைகளை மறக்காதீர்கள். கீழ் ஃபிரேமில் மழைத்தண்ணீர் வெளியே போக வெளிப்பக்கச் சுவரில் சின்னச் சின்ன நீளத் துளைகள் வெட்டியிருப்பார்கள். நம் ஊரில் இவை குளவிக்கு மிகவும் பிடித்த இடம், களிமண் வைத்து அடைத்துவிட்டுப் போய்விடும். ஒரு மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, இப்போது ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் வெளியே போக வேண்டும். மழைக்காலத்தில் டிராக்கில் தண்ணீர் நிற்பதுதான் பேரிங் ஊசி துருப்பிடிக்க வழி செய்கிறது. இந்தத் துளை அடைபட்டிருந்தால், உங்கள் பேரிங் ஒன்பது வருடத்தில் போனதற்குப் பாதி காரணம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுத்தமான பிறகு ரெயிலை முழு நீளமும் விரல் நுனியால் தடவுங்கள். நெளிவு, பிசிறு, பள்ளம் மூன்றும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரியும். பக்கவாட்டில் நெளிந்திருந்தால், இருபுறமும் ஒவ்வொரு சிறு மரத்துண்டு வைத்துப் பிளையரால் பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். ஒரே முறையில் பலமாக வளைத்துவிட்டு, அதிகமாகிவிட்டது என்று திருப்பி வளைக்காதீர்கள், அலுமினியம் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வளைந்தாலே விரிசல் விடும். பிசிறை நைசான அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, 400 நம்பர் உப்புத்தாளால் வழவழப்பாக்கி, அந்தப் பொடியையும் துடைத்துவிடுங்கள். ரெயிலின் தலை உருண்டையாக இல்லாமல் கத்தி முனை போல் கூராகியிருந்தால், அது சும்மா மெருகு ஏற்றிச் சரியாகிற விஷயம் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இனி ஷட்டரின் அடிப்பக்கம். போர்வை விரித்த மேசையில் படுக்க வைத்து, அடிப்பக்கத்தை விளிம்புக்குக் கொஞ்சம் வெளியே வரும்படி வையுங்கள். இரு முனைகளிலும் ஒவ்வொரு பேரிங் தெரியும். விரலால் சுற்றிப் பாருங்கள்: தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது, ஓரத்து உதடுகள் முழுதாக இருக்க வேண்டும். உங்களுடையதில் ஒன்று நின்றுபோய்த் தட்டையாகியிருக்கும், மற்றது சுற்றினாலும் பள்ளம் ஆழமாகியிருக்கும் என்பது என் ஊகம். ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே உயரத்தில் நிற்காது. ஒரு சாய்வை எடுத்துவிட்டு எதிர்ப்பக்கச் சாய்வை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

பேரிங் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது செக்ஷனை, அதாவது ஜன்னல் செய்த அலுமினியச் சட்டத்தின் வகையைப் பொறுத்தது. சிலதில் அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், கழற்றினால் கையோடு வந்துவிடும். சிலதில் இறுக்கமாகச் செருகியிருப்பார்கள். தட்டையான ஸ்க்ரூ டிரைவரை ஒரு முனையில் கொடுத்து நெம்பினால் வரும். பழைய சிக்கன செக்ஷன்களில் அடிச் சட்டத்தின் முனை வழியாகப் பேரிங்கைத் தள்ளி வைத்து, அதற்குப் பிறகு ஓரச் சட்டத்தை மாட்டியிருப்பார்கள். அங்கே ஓரச் சட்டத்தின் கீழ் மூலையில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, சட்டத்தைப் பேரிங் வெளியே வரும் அளவுக்கு மட்டும் விலக்க வேண்டும். மேல் மூலை ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். நான்கு சட்டங்களும் ரப்பரும் சேர்ந்துதான் கண்ணாடியைப் பிடித்திருக்கின்றன. எல்லா மூலையையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் கண்ணாடி கோணிக்கொள்ளும். ஒரு மூலை முடித்து இறுக்கிய பிறகு அடுத்தது.

அந்த ஸ்க்ரூதான் பல சமயம் வேலையை நிறுத்திவிடும். கடலோரத்தில் தலை துருத் தூளாகியிருக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் விட்டுவிட்டு, தலைக்குச் சரியாகப் பொருந்தும் டிரைவரை அழுத்திப் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்துவிட்டுப் பிறகு திருகுங்கள். தலை வழுக்கிவிட்டால் டிரில் போட்டுத் தலையை எடுப்பதுதான் வழி. கையில் டிரில் இல்லையென்றால் இந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுவது உத்தமம். திரும்பப் போடும்போது அதே நீளத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள்.

பழைய பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். பெயர் சொல்லி வாங்க முடியாது. 'முக்கால் இஞ்ச் செக்ஷன் பேரிங்' என்று கேட்டாலே நாலு விதம் எடுத்து வைப்பார்கள். வீட்டுக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடையைவிட, அலுமினியம் செக்ஷன் விற்கும் கடையில் பொருத்தமானது கிடைக்க வாய்ப்பு அதிகம். மூன்றை ஒப்பிடுங்கள். சக்கரத்தைத் தாங்கும் பெட்டியின் அகலம் சட்டத்துக்குள் போக வேண்டும். சக்கரத்தின் பள்ளம் உங்கள் ரெயிலின் தலைக்குப் பொருந்த வேண்டும். உருண்டைத் தலைக்கு உருண்டைப் பள்ளம். மூன்றாவதுதான் முக்கியம்: பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து சக்கரப் பள்ளத்தின் அடி வரை உள்ள உயரம். ஷட்டர் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை முடிவுசெய்வது அதுதான். பழைய சக்கரம் தேய்ந்திருப்பதால் அதில் அளந்தால் உயரம் குறைவாகவே காட்டும். இங்கே கொசுவலை ஷட்டரைக் கழற்றிப் பாருங்கள். அது எடை குறைவு, அதன் சக்கரம் பெரும்பாலும் புதுசு போலவே இருக்கும். அதே செக்ஷனாக இருந்தால் அசல் உயரத்தை அதில் அளந்துகொள்ளலாம்.

எந்தப் பொருளில் வாங்குவது? முழு இரும்புச் சக்கரம் உறுதி என்று கடைக்காரர் சொல்லலாம். நான் வாங்க மாட்டேன். அலுமினிய ரெயில்மேல் இரும்புச் சக்கரம் ஓடினால் தேய்வது ரெயில். சக்கரம் மாற்றக்கூடியது, ரெயில் ஃபிரேமோடு சேர்ந்தது. எது மலிவோ அது தேயட்டும். நைலான் சக்கரம், அதற்கு நடுவில் பால் பேரிங், பெட்டியும் ஊசியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஊசிச் சக்கரத்தைவிட விலை கூடத்தான், ஆனாலும் ஒரு ஷட்டருக்கு இரண்டுதானே. ஸ்டெயின்லெஸ் என்று சொல்வது உண்மையா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது முழு நிச்சயம் தராது; ஆனால் காந்தம் பலமாகப் பிடித்துக்கொண்டால் சந்தேகப்படலாம்.

பொருத்துவது கழற்றியதன் தலைகீழ். சக்கரத்தின் ஊசியில் மட்டும் சிலிகான் ஸ்ப்ரே ஒரு துளி. ரெயிலில் எதுவும் வேண்டாம், அது காய்ந்திருக்கட்டும். ஷட்டரின் தலையை முதலில் மேல் டிராக்குக்குள் ஏற்றி, அடிப்பாகத்தை உள்ளே தள்ளி, இரண்டு சக்கரமும் ரெயில்மேல் உட்காரும்படி இறக்குங்கள். உட்கார்ந்ததா என்று கீழிருந்து இரு முனையிலும் பாருங்கள். ஒன்று உட்கார்ந்து மற்றது ரெயிலுக்குப் பக்கத்தில் தொங்கினாலும் ஷட்டர் சும்மா நிற்கும், தள்ளினால்தான் தெரியும்.

உயரம் மாற்றும் பேரிங் என்றால் இப்போது சமன்படுத்த வேண்டும். ஷட்டரைப் பக்கவாட்டு ஃபிரேமுக்கு அருகே கொண்டுபோய், முன்பு சொன்ன அதே சந்தைப் பாருங்கள். மேலே தொட்டுக் கீழே விட்டிருந்தால் பூட்டுப் பக்க ஸ்க்ரூவைத் திருப்பி அந்தப் பக்கம் ஷட்டரை உயர்த்துங்கள். கால் சுற்று திருப்பி, தள்ளிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. பாரம் ஏறியபடியே ஸ்க்ரூவைத் திருகினால் தலை போய்விடும், இன்னொருவர் அந்த மூலையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கட்டும். சந்து சமமானதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் உயர்த்தினால் தலை மேலே உரச ஆரம்பிக்கும். அடியில் குளிர்காற்றும் கொசுவும் வரும் சந்து விழும்.

சரியாக அமைந்ததற்குச் சோதனை இது. ஒரு விரலால் தள்ளினால் சீராக ஓட வேண்டும். பூட்டு தானாகவே கொக்கியில் போய் விழ வேண்டும். கடைசியாக ஷட்டரை நடுவில் நிறுத்தி இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். ரெயிலை விட்டு வெளியே வரும் அளவுக்கு எழுந்தால் மேல் டிராக்கில் கட்டை கட்டாயம் வேண்டும். பழைய கட்டை இல்லையென்றால், ஷட்டரின் தலைக்கும் டிராக்கின் கூரைக்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விடும் தடிமனில் ஒரு நைலான் துண்டு வெட்டி ஸ்க்ரூ போட்டுப் பொருத்துங்கள். மூடிய நிலையில் ஷட்டருக்கு நேர் மேலே வரும்படி வைத்தால் பாதுகாப்பு. திறந்த நிலையில் கழற்றவும் வழி இருக்கும். மூன்றாவது மாடியில் புயல் காற்றில் ஷட்டரை நிறுத்திப் பிடிப்பது பூட்டைவிட இந்தத் துண்டுதான்.

கத்தி முனையான ரெயிலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சக்கரம் நின்றுபோன பிறகும் வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டே இருந்தால் ரெயிலின் தலை தேய்ந்துவிடும். அதில் புது நைலான் சக்கரம் போட்டால் ரெயில் அதைக் கீறிப் பிளந்துவிடும். ரெயில்மேல் தொப்பி மாதிரி மாட்டும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை கிடைக்கிறது. உங்கள் ரெயிலின் தடிமனுக்குச் சரியாக இறுகும் பட்டை கிடைத்தால் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாகப் போடுங்கள். நடுவில் இணைப்பு வந்தால் அங்கே டக்கென்று தட்டும். பட்டையின் தடிமன் ஷட்டரை அவ்வளவு உயர்த்தும் என்பதால், மேலே இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யுபிவிசி ஜன்னல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பலவற்றில் ரெயில் தனி அலுமினியத் துண்டாகச் செருகியிருக்கும், அதை மட்டும் மாற்றலாம்.

சக்கரம் புதிது, ரெயில் சுத்தம், அப்படியும் நடுவில் மட்டும் இறுகுகிறது என்றால் ஃபிரேமை அளக்க வேண்டும். டேப்பை வைத்து மேல் டிராக்குக்கும் கீழ் ரெயிலுக்கும் இடையிலான உயரத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்தில் எடுங்கள். நடுவில் மூன்று நாலு மில்லிமீட்டர் குறைந்தால் மேல் ஃபிரேம் தொய்ந்திருக்கிறது, அல்லது கீழ் ஃபிரேம் நடுவில் மேலே எழும்பியிருக்கிறது. ஃபிரேமைச் சுவரோடு பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்ததால் வந்தது என்றால் இறுக்கிச் சரிசெய்யலாம். சுவரோ லிண்டலோ அழுத்துவதால் வந்தது என்றால் இது பேரிங் வேலை இல்லை.

உங்களிடம் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று சொன்னவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஷட்டரைக் கழற்றிப் பார்த்தாரா? கழற்றாமலே சொல்லியிருந்தால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இல்லை. கழற்றிப் பார்த்துவிட்டு, கீழ் ஃபிரேம் உப்பில் அரித்து மூலை பிரிந்துவிட்டது, அல்லது ஓரச் சட்டத்தில் ஸ்க்ரூ பிடிக்கும் இடமே உடைந்துவிட்டது என்று காட்டினால் அவர் சொல்வது சரி. அப்போதும் கண்ணாடி நன்றாக இருந்தால் அதையே புது ஷட்டரில் போடச் சொல்லலாம். வேலையை அவரிடமே கொடுப்பதாக இருந்தால், பழைய பேரிங்குகளை உங்களிடம் தந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடுத்த ஷட்டருக்கு வாங்கும்போது மாதிரிக்கு ஆகும். வெளிப்பக்கக் கண்ணாடியும் அதே ஒன்பது வருடச் சக்கரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.